கார்டிங் பிரிவில் கூடிப்போன ஆட்கள்

ஜெபராணி பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாள். பாளையங்கோட்டையில் ஏறி ஜங்ஷனில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்து பேட்டைக்கு வரவேண்டும். இரண்டு பஸ்ஸிலும் தூங்குவாள். உட்கார இடம் கிடைக்காவிட்டால் கம்பியில் கையைக் கோத்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். கண்டக்டர்களுக்குப் பழகிப்போய், எங்கள் ஸ்டாப் வந்ததும் அவள் காதருகே வந்து “மில்லு, மில்லு” என்று கத்துவார்கள். நானும் அதே பஸ்ஸில்தான் வருவேன். எனக்கும் களைப்பு உண்டு. ஆனால் யாருடனாவது சண்டை போட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். பாக்கிச் சில்லறைக்கு ஒரு சண்டை, ஜன்னல் சீட்டுக்கு ஒரு சண்டை. அவளுக்குச் சண்டை போடவும் தெம்பு கிடையாது.

அவள் அப்பா சுவிசேஷமுத்து வாத்தியார் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படம் வரையக் கற்றுக்கொடுத்தவர். மகள் கணக்கில் பட்டம் வாங்கினாள். டீச்சர் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்து அலுத்துப்போய், வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். எங்கள் நூற்பாலை கம்ப்யூட்டர் வாங்கியபோது அவளையும் சேர்த்து வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுக்காரன் நேசையா தூத்துக்குடியில் ஒரு உப்பளத்தில் மேஸ்திரி. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவான். மாமியார் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுக்கையில் கிடந்தாள். டார்லின் என்று பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுவாள்.

மில்லிலேயே ஏ.சி. உள்ள ஒரே அறை அவளுடையதுதான். வெளியே பஞ்சுத் தூசியும் புழுக்கமுமாக நிற்கிறவர்கள், கதவு திறக்கும்போது வருகிற குளிரைப் பார்த்துவிட்டு, “நீ மகராசி, ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து சம்பளம் வாங்குத” என்பார்கள். குளிர் அவளுக்காக இல்லை, மெஷினுக்காக. அவள் எப்போதும் முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு நடுங்கியபடிதான் வேலை பார்ப்பாள். கூட இருந்த ஜெய்சன் என்ற பையன் மெட்ராஸில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பஞ்சு விலை ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். தட்டச்சு செய்வதும், புரோகிராம் எழுதுவதும், பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றுவதும் எல்லாம் அவள் ஒருத்திதான். நான் சம்பளப் பிரிவு. எனக்கு வேண்டியதும் அவளிடமிருந்துதான் வரவேண்டும் என்பதால் தினமும் அவள் கழுத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மார்ச் மாதம் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் ஆவுடைநாயகம் அண்ணாச்சியைச் சொல்லவேண்டும்.

அவர் டைம் கீப்பர். மில் வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் அவர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன் உண்டு. ஷிப்டுக்கு வருகிறவன் அதை ஜன்னலில் நீட்டவேண்டும். அண்ணாச்சி நீட்டிய கையைப் பார்க்கமாட்டார். முகத்தைப் பார்த்துத்தான் வாங்குவார். வாங்கி உள்ளே இருக்கிற பலகையில் நம்பர்படி ஆணியில் மாட்டுவார். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, மாட்டியிருக்கிற நம்பர்களை ஆஜர் தாளில் எழுதிக் கடைசியில் கூட்டுத்தொகை போடுவார். மற்ற ஷிப்டுகளுக்கு வேறு ஆட்கள் உட்கார்ந்தாலும் பொறுப்பு அவருக்குத்தான். அடுத்த நாள் காலையில் அந்தத் தாள்கள் ஜெபராணியின் மேஜைக்குப் போகும். அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நம்பர் வரிசையில்தான் தாள் இருக்கும் என்பதால், எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று அதைப் பார்த்து யாரும் சொல்லமுடியாது. அதைக் கம்ப்யூட்டர்தான் சொல்லும். மாதம் பிறந்ததும் ஒரு சாவியைத் தட்டினால் போதும். மெஷின் தானாகவே எல்லாம் எடுத்துக் கூட்டி, பிரிவுவாரியாகப் போன மாதம் எத்தனை ஆள் வேலை பார்த்தது என்று அகலத் தாளில் அடித்துத் தள்ளிவிடும். அது நேராக மேனேஜர் மேஜைக்குப் போகும்.

பிப்ரவரி மாதத்து அறிக்கையில் கார்டிங் பிரிவில் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தார்கள்.

கார்டிங் என்பது பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்கிற இடம். அந்த மாதம் அங்கே புது மெஷினும் வரவில்லை, ஓவர்டைமும் கிடையாது. மேனேஜர் வெங்கட்ரமணன் கார்டிங் மேஸ்திரி தானியேலைக் கூப்பிட்டுக் கேட்டார். “இவ்ளோ பேரு இருந்தா பாதிப் பேரு மெஷினுக்கு மேலதான் ஏறி நிக்கணும் சார்” என்று தானியேல் சொல்லிவிட்டான். அவன் சொன்னது நிஜம். ஆகவே, வேலைக்கு வராதவர்களுக்கு யாரோ ஆஜர் போட்டிருக்கவேண்டும். ஆஜர் போடுகிறவர் ஆவுடைநாயகம். வேறு ஊர் மில் ஒன்றில் ஒரு டைம் கீப்பர் இப்படிக் கமிஷன் வாங்கிக்கொண்டு பொய் ஆஜர் போட்டுப் பிடிபட்ட கதையை எல்லோரும் கேட்டிருந்தோம். மேனேஜர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு மேலே கோயம்புத்தூரில் முதலாளிகள் இருந்தார்கள். அந்த அறிக்கையின் ஒரு நகல் அவர்களுக்கும் போகும். அவர்கள் போன் பண்ணிக் கேட்குமுன் இவருக்கு ஒரு பதில் வேண்டும். பதில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கூடிப்போன எண்ணிக்கையைக் காட்டி, இதில் யார் யாருக்குப் பொய்யாகப் போட்டீர் என்று கேட்டார்கள். தானாக எழுதிக்கொடுத்துவிட்டு விலகினால் போலீசுக்குப் போகமாட்டோம், சேரவேண்டியது சேரும் என்றார்கள். இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு பெறவேண்டியவர். சாயங்காலம் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆஜர் எடுத்ததில் தன்னுடைய கவனக் குறைவால் தவறு நடந்துவிட்டது, பொறுப்பேற்று வேலையை விட்டு விலகுகிறேன் என்று. தொழிலாளர் அதிகாரி சொல்லச் சொல்ல எழுதியதுதான், ஆனாலும் கையெழுத்து அவருடையது. அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். கூப்பிட்டேன். காதில் விழாத மாதிரி போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். திருடினவர் என்றால் அவர்மேல், திருடாதவர் என்றால் எழுதிக்கொடுத்ததற்காகவும் அவர்மேல்.

ஜெபராணிக்கு இது எதுவும் தெரியாது. மாமியாருக்கு மூச்சுத் திணறல் என்று அன்றைக்கு அவள் வரவில்லை. முந்தின நாள் அறிக்கையைத் தட்டிவிட்டுப் போனவள், மறுநாள் காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த அறிக்கை என்று கேட்டாள். உன் அறிக்கைதான் என்றேன். கார்டிங்கில் எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். அதன் பிறகு அவள் தூங்கவில்லை.

“நம்பர் பொய் சொல்லாதுல்லா. அவரு என்னமோ பண்ணியிருக்காரு” என்றேன், அவள் வாயிலிருந்து ஏதாவது வரட்டும் என்று.

“அது நம்பரு இல்லண்ணே. நான் எழுதுன புரோகிராமு” என்றாள்.

அறைக்குள் போனதும் செருப்பைக் கழற்றிப் போட்டாள், முந்தானையைப் போர்த்திக்கொண்டாள், உட்கார்ந்தாள். நானும் என் வேலையை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். சம்பளப் பட்டியலுக்கு நாள் நெருங்கிவிட்டது. இந்தக் குழப்பம் தீராமல் என் வேலையும் ஓடாது.

அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு படிகள். முதல் படியில், பெரிய ஆஜர் ஃபைலிலிருந்து அந்த ஒரு மாதத்து வரிகளை மட்டும் மெஷின் பிரித்தெடுக்கும். ஒருவன் ஒரு ஷிப்டு வந்தால் ஒரு வரி. அதில் டோக்கன் நம்பர், தேதி, ஷிப்டு, அவ்வளவுதான் இருக்கும். எந்தப் பிரிவு என்று இருக்காது. அது மாஸ்டர் ஃபைல் என்கிற இன்னொரு ஃபைலில் இருக்கிறது. அங்கே ஆளுக்கு ஒரு வரி: நம்பர், பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பிரிவு. இரண்டாம் படியில், ஆஜர் வரியின் டோக்கன் நம்பரை மாஸ்டர் ஃபைலின் டோக்கன் நம்பரோடு பொருத்தி, பிரிவைக் கொண்டுவந்து ஒட்டும். மூன்றாம் படியில் பிரிவுவாரியாகக் கூட்டும். நான்காவது, தாளில் அடிப்பது.

அவள் கடைசிப் படியில் தொடங்கிப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அடித்த தாளில் எல்லாப் பிரிவுகளுக்குமான கூட்டுத்தொகையையும், அதற்கு முந்தின படியில் மெஷின் கூட்டி வைத்திருந்ததையும் ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்று. அடிப்பதில் தப்பு இல்லை. கூட்டியதையும், கூட்டுவதற்கு முன் பிரிவு ஒட்டிய வரிகள் எத்தனை என்பதையும் பார்த்தாள். அதுவும் ஒன்று. கூட்டலிலும் தப்பு இல்லை. பிறகு, பிரிவு ஒட்டுவதற்கு முன் அந்த மாதத்து வரிகள் எத்தனை என்று எண்ணச் சொன்னாள். மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு எண்ணைக் காட்டியது. அது குறைவாக இருந்தது.

ஜெபராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். கவர்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் விலாசம் ஒட்டுகிறோம். ஒட்டி முடித்ததும் கவர் எத்தனை இருக்கவேண்டும்? முன்பு இருந்த அளவுதான். இங்கே ஒட்டி முடித்த பிறகு கவர் கூடியிருக்கிறது.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். அர்த்தம் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவள் வாயால் கேட்கவேண்டும் போல் இருந்தது. அண்ணாச்சி பொய் ஆஜர் போட்டிருந்தால் அந்தப் பொய்யும் ஆஜர் வரிகளில்தான் இருந்திருக்கவேண்டும், ஒட்டுவதற்கு முன்பே எண்ணிக்கை கூடியிருக்கவேண்டும் என்றாள். இது ஜன்னலைத் தாண்டி வந்த பிறகு, மெஷினுக்குள் நடந்திருக்கிறது. அதோடு விடவில்லை. அவள் தட்டச்சு செய்ததிலேயே ஏதாவது இரட்டிப்பு இருக்கலாம் அல்லவா? பிப்ரவரி மாதத்து ஆஜர் தாள்களைக் கட்டோடு எடுத்துவரச் சொன்னாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் அண்ணாச்சி போட்டிருந்த கூட்டுத்தொகையை நான் வாசித்தேன், அவள் திரையில் சரிபார்த்தாள். ஒன்று விடாமல் சரியாக வந்தது. மற்ற ஷிப்டுக்காரர்கள் எழுதிய தாள்களையும் பார்த்தோம். அவையும் சரி.

பிறகு, ஒட்டிய பின் எந்த எந்த வரி இரண்டு தடவை வருகிறது என்று தேடச் சொன்னாள். திரை முழுவதும் வந்து விழுந்தது. ஒரே டோக்கன் நம்பர், ஒரே தேதி, ஒரே ஷிப்டு, இரண்டு வரி. ஒன்றில் ஸ்பின்னிங் என்று இருந்தது. இன்னொன்றில் கார்டிங்.

முதலில் வந்த நம்பரை எடுத்துக்கொண்டு மாஸ்டர் ஃபைலைத் திறந்தாள். அந்த நம்பரில் இரண்டு பேர் இருந்தார்கள். சங்கிலிபூதத்தான், கார்டிங். மாரிமுத்து, ஸ்பின்னிங். அவர்கள் பிறந்த தேதிகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. மாரிமுத்துவின் சேர்க்கைத் தாளில் முத்திரை வைத்தவன் நான்தான்.

“அப்பனும் மகனும்லா” என்றேன்.

எங்கள் மில்லில் வாரிசு வேலை உண்டு. அப்பா ஓய்வு பெற்றால் மகனுக்கு இடம் கொடுப்பார்கள். அப்படி வருகிற மகன் அப்பாவின் டோக்கனையே கேட்டு வாங்கிக்கொள்வான். சட்டம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் கேட்டார், கொடுத்தார்கள், பிறகு எல்லோரும் கேட்டார்கள். அப்பா பித்தளையைப் புளி போட்டு விளக்கி மகன் கையில் கொடுப்பார். சில வீடுகளில் சந்தனம் வைப்பார்கள், சில வீடுகளில் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவார்கள். அந்த நம்பரைச் சொல்லித்தான் அந்தக் குடும்பத்தையே மில்லில் கூப்பிடுவார்கள். மாற்று நம்பர் தருகிறோம் என்றால் வேலையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். இதனால் இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. ஒருவர் ஓய்வு பெற்றதும் ஜெபராணி அவர் பெயரை மாஸ்டரிலிருந்து எடுத்துப் பழைய ஃபைல் ஒன்றில் போட்டுவிடுவாள். ஒரு நம்பருக்கு எப்போதும் ஒரு ஆள்தான்.

ஆனால் அந்த வருஷம் புதிதாகப் பென்ஷன் திட்டம் வந்திருந்தது. கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றவர்களின் விவரமும் வேண்டும் என்று கேட்டார்கள். பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து உத்தரவு வந்தது, அந்தப் பழைய ஆட்களை எல்லாம் மறுபடியும் மாஸ்டர் ஃபைலில் சேர்த்துவிடு என்று. அவளும் சேர்த்தாள். வேலையை விட்ட தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் தேதியும் போட்டாள். அறிக்கை எடுக்கிற புரோகிராம் அந்தக் கட்டத்தைப் பார்க்காது. மாஸ்டரில் இருப்பவன் எல்லாம் வேலையில் இருப்பவன் என்ற நினைப்பில் அவள் என்றோ எழுதியது அது. மாரிமுத்து ஒரு ஷிப்டு வந்தால், மெஷின் அந்த நம்பரில் இரண்டு ஆளைக் கண்டு, இரண்டு வரியாக்கிவிட்டது. மகனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் கார்டிங்கில் இருந்த பழைய ஆட்கள். ஐ.டி.ஐ. படித்த மகன்கள் ஸ்பின்னிங்குக்கும் மற்ற பிரிவுகளுக்கும் போனார்கள். அதனால் ஸ்பின்னிங் கணக்கு சரியாகவே இருந்தது. கார்டிங்கில் மட்டும், வீட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பாக்கள் எல்லாம் ஒரு மாதம் முழுக்க வேலை பார்த்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

பொருத்துகிற இடத்தில் இன்னொரு நிபந்தனை சேர்த்தாள். வேலையை விட்டவர்களை மொத்தமாகத் தள்ளிவிட்டால் போதுமே என்று நான் சொன்னேன். போதாது என்றாள், பிப்ரவரி நடுவில் ஓய்வு பெற்ற ஒருவர் அதுவரை வேலை பார்த்த நாட்களும் சேர்ந்து விழுந்துவிடும். ஆஜர் தேதி அந்த ஆள் சேர்ந்த தேதிக்கும் விட்ட தேதிக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்று எழுதினாள். மறுபடி ஓட்டினாள். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை ஒன்றாக வந்தது. கார்டிங் பழைய அளவுக்கு இறங்கியது.

அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது.

“முன்னாடி எத்தன வரி, பின்னாடி எத்தன வரின்னு பாத்திருந்தா போதும்ணே. எப்பவும் பாக்கத்தான் செய்வேன். அன்னைக்கு அத்தைக்கு முடியலன்னு ஆளு வந்து நின்னாங்க. சாவியத் தட்டிட்டு ஓடிட்டேன்.”

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எழுந்திரு, மேனேஜர் சாப்பிடப் போய்விடுவார் என்றேன்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். பழைய அறிக்கையையும் புது அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்து, மாஸ்டர் ஃபைலை அடித்த தாளில் சங்கிலிபூதத்தான் பெயர் வருகிற இடத்தை அவள் விரல் வைத்துக் காட்டினாள். தப்பு தன்னுடையது, ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் தாள்களில் ஒரு எண் கூடத் தவறில்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் களைப்புத்தான். பிறகு, இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்கமுடியவில்லை, “அப்படின்னா அவர் ஏம்மா ஒத்துண்டு எழுதிக் கொடுத்தார்?” என்று கேட்டார்.

நான் குறுக்கே விழுந்து, காலையிலிருந்து நிற்கவைத்தால் நானும் எழுதிக்கொடுப்பேன் சார் என்றேன். ஜெபராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் சார் என்று அவரிடம் சொன்னாள். அது இன்னும் கோயம்புத்தூர் தபாலில் சேரவில்லை, தட்டில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு, இது அவளுடைய பிழை, இனி நடக்காது என்று அவளை எழுதித் தரச் சொன்னார். அவருக்கு மேலே காட்ட ஏதாவது ஒரு கையெழுத்து வேண்டும். அவளும் எழுதிக் கொடுத்தாள். அதன்பேரில் ஒரு எச்சரிக்கை மெமோ அவள் ஃபைலில் ஏறியது. மில் மூடுகிறவரை அவள் அங்கேதான் இருந்தாள், அந்த மெமோவும் அங்கேதான் இருந்தது. ஒன்று மட்டும் மாறியது. அவள் எடுக்கிற ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ஒட்டுமுன் இத்தனை வரி, ஒட்டியபின் இத்தனை வரி என்று இரண்டு எண்கள் அடித்து வரும். இது எதற்கு, தாள் வீண் என்று புதிதாக வருகிற ஆபீசர் ஒவ்வொருவரும் கேட்பார்கள். இருக்கட்டும் சார் என்பாள்.

மத்தியானம் ஆள் அனுப்பி அண்ணாச்சியை வரவழைத்தார்கள். கடிதத்தை அவர் கையில் கொடுத்து, ஒரு சின்னத் தவறு, மனதில் வைத்துக்கொள்ளாதீர் என்று மேனேஜர் சொன்னார். அண்ணாச்சி அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போய்விட்டார். மத்தியான ஷிப்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டு, சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். வாசலில் அவருக்காக நாங்கள் காத்திருந்தோம். ஜெபராணி மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி.

“எழுதிக் குடுத்தத வாங்கியாச்சு தாயி. வீட்ல சொல்லிட்டேன். அத எப்படி வாங்க?” என்றார்.

ஜெபராணிக்கு வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டிய வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மாமியாருக்குத் துணி மாற்றவேண்டும், டார்லின் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் அவளைப் பஸ் ஸ்டாப்பை நோக்கி இழுக்கப் பார்த்தேன். அவள் அண்ணாச்சியோடு நடந்தாள். வேறு வழியில்லாமல் நானும் நடந்தேன். வீடு பேட்டையிலேயே, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவர் மனைவி கோமு ஆச்சி வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டாள். ஜெபராணி உட்காரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவும் மகனும் ஒரே நம்பரில் இருந்ததை, மெஷின் ஒருவனை இரண்டு பேராக்கியதை, தான் பார்க்காமல் விட்டதை. மேனேஜரிடம் சொன்னதைவிட இங்கே நன்றாகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். ஆச்சிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அண்ணாச்சி எந்தத் தப்பும் பண்ணவில்லை என்பது புரிந்தது.

“அவ்வோ செஞ்சிருக்க மாட்டாவன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா அவ்வோளே வந்து செஞ்சிட்டேன்னு சொல்லும்போது, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலயே” என்றாள் ஆச்சி. பிறகு எங்களை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க ஏன் ஒத்துக்கிட்டீய?”

அண்ணாச்சி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“அந்தப் பேப்பர்ல அவ்ளோ தெளிவா இருந்துச்சு கோமு. நான் மொகத்தப் பாத்துத்தான் வாங்குவேன். அப்புறம் இவ்ளோ பேரு எப்படிக் கூடுனாங்க? என் கண்ணுக்கு என்னமோ ஆயிப்போச்சு, வராதவனெல்லாம் வந்த மாதிரி தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். ராத்திரி பூரா ஒவ்வொரு மொகமா யோசிச்சுப் பாத்தேன். எவன் வந்தான், எவன் வரலன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றாள் ஜெபராணி.

“நீ சொல்லிட்ட தாயி. நானும் கேட்டுக்கிட்டேன்” என்றார் அவர். “ஆனா மத்தியானம் ஜன்னல்ல போய் உக்காந்தேன்லா. முதல்ல டோக்கன நீட்டுனவன் மொகத்தப் பாத்தேன். நம்ம பய, நாலஞ்சு வருசமாப் பாத்த மொகந்தான். வாங்காம, உன் பேரு என்னலேன்னு கேட்டேன்.”